பாஸ்மதியின் பாப்கார்ன் மணம்: தேர்ந்தெடுப்பதும் கடலோர வீட்டில் காப்பதும்

நல்ல பாஸ்மதி வேகும்போது பக்கத்து வீட்டில் யாரோ சோளம் பொரிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. மூக்கு பொய் சொல்லவில்லை. பாப்கார்ன், பாஸ்மதி இரண்டிலும் நம்மை இழுப்பது ஒரே வேதிப்பொருள்தான். அதன் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். வாயில் எளிதாக நுழையாத பெயர் என்பதால் இனி அதை மணப்பொருள் என்றே சொல்கிறேன்.

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் குடியிருந்து, பிரியாணிக்காக முதல் தடவை நல்ல பாஸ்மதி வாங்கப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடையில் "பழைய அரிசிதான் நல்லது" என்பார்கள். அது பாதி உண்மை. அரிசி பழசாக ஆக, சோறு நீளமாக, உதிரியாக வரும். மணம் மட்டும் குறைந்துகொண்டே போகும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பது புரிந்துவிட்டால், எதை வாங்குவது, எப்படி வைப்பது, எப்படிச் சமைப்பது என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

மணம் எங்கிருந்து வருகிறது

வாசனை அரிசியில் இந்த மணப்பொருளை 1982ல் அடையாளம் கண்டது அமெரிக்க வேளாண் துறையின் கலிபோர்னியா ஆய்வகத்தில் இருந்த ரான் பட்டரியின் குழு. மிக மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு இதைப் பிடித்துவிடும். மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே வாசனை தெரியும். அதனால்தான் அரிசியில் இது துளியூண்டு இருந்தும் வீடு முழுக்க மணக்கிறது.

பாப்கார்னிலும் பாஸ்மதியிலும் பொருள் ஒன்று, பிறக்கும் வழி வேறு. சோளம் பொரியும் சூட்டில், அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த நொடியில் மணம் உருவாகிறது. ரொட்டியின் மேல்தோல் சிவக்கும்போது எழும் வாசனையிலும் இதே பொருள் உண்டு. பாஸ்மதிக்கு அடுப்புச் சூடு தேவையில்லை. பயிர் வயலில் நிற்கும்போதே இலையிலும் பூவிலும் மணியிலும் மணத்தை உண்டாக்கிவிடுகிறது.

சாதாரண நெல்லில் பி.ஏ.டி.எச்.2 என்ற மரபணு ஒரு நொதியைத் தயாரிக்கிறது. மணப்பொருள் உருவாகத் தேவையான மூலப்பொருளை அந்த நொதி வேறு பக்கம் திருப்பிவிடும். பாஸ்மதியில் அந்த மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் நடுவே 8 எழுத்துகள் இல்லை. அதனால் நொதி வேலை செய்வதில்லை. மூலப்பொருள் தேங்கி மணப்பொருளாக மாறிவிடுகிறது. 2005ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். ஒரு குறைதான் பாஸ்மதிக்குப் பெருமையாக அமைந்தது. வங்காளப் புலி தன் எல்லையைக் குறிக்கத் தெளிக்கும் நீரிலும் இதே பொருள் இருப்பதை ரத்தன்லால் பிரம்மச்சாரி என்ற இந்திய விஞ்ஞானி 1990ல் வெளியிட்டார். காட்டில் புலி நடந்த இடம் வாசனை அரிசி போல மணப்பதாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

நமக்கு வேண்டிய முடிவு இது: பாஸ்மதியின் மணம் அறுவடையன்றே அரிசிக்குள் இருக்கும் சேமிப்பு. அதன் பிறகு அது ஏறாது, குறையத்தான் செய்யும். சமையல் அந்தச் சேமிப்பை வெளியே எடுக்கிறது, புதிதாக உண்டாக்குவதில்லை.

பழசாகும்போது உள்ளே நடப்பது

பாஸ்மதி நம் ஊர்ப் பயிர் இல்லை. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப்பிரதேசம், உத்தராகண்ட் முதலிய இமயமலை அடிவாரப் பகுதிகளில் விளைந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் அறுவடையாகிறது. அங்குள்ள ஆலைகளும் வியாபாரிகளும் ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் இருப்பு வைத்த பிறகு சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

அந்த இடைவெளியில் அரிசிக்குள் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது நமக்குப் பிடித்தது. அரிசியின் புரதத்தில் குறுக்குப் பிணைப்புகள் கூடி, மாவுச்சத்தைச் சுற்றி இறுக்கமாகின்றன. மணி கடினமாகிறது. வேகும்போது மாவுச்சத்து கரைந்து வெளியே வருவது குறைகிறது. அதனால் சோறு பிசுபிசுப்பு இல்லாமல் தனித்தனியாக நிற்கிறது. அதிகத் தண்ணீர் குடித்து நன்றாக நீள்கிறது. புது அரிசி குழைவதும் பழைய அரிசி "உதிரி உதிரியா" வருவதும் இதனால்தான்.

இரண்டாவது, மணப்பொருள் கரைவது. அது எளிதில் ஆவியாகும், எளிதில் சிதையும் தன்மை கொண்டது. சூடு அதிகமான இடத்தில் வேகமாகப் போகும், குளிர்ந்த இடத்தில் மெதுவாகப் போகும். உமியோடு நெல்லாக இருக்கும்வரை இழப்பு குறைவு. தீட்டிய அரிசியாகத் திறந்து கிடந்தால் அதிகம்.

மூன்றாவதுதான் யாருக்கும் வேண்டாதது. எவ்வளவு தீட்டினாலும் அரிசியின் மேல் தவிட்டின் கொழுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். காற்றும் சூடும் பட்டு அது காறிப்போகும்போது ஹெக்சனல் முதலான பொருட்கள் உண்டாகின்றன. பழைய எண்ணெயின் சிக்கு வாடை என்று நாம் சொல்வது இந்த இனம்தான். மணப்பொருள் குறைந்துகொண்டே வர, இந்த வாடை ஏறிக்கொண்டே வந்து மிச்ச மணத்தையும் அமுக்கிவிடும். "அரிசி பழசாயிடுச்சு, வாசனையே இல்லை" என்று புலம்பும்போது பாதி நேரம் மணம் போனது மட்டும் காரணமாக இருக்காது. சிக்கு அதை மூடியிருக்கும்.

ஆகவே முதுமையாக்குவதை ஆலைக்காரரே செய்யட்டும். உமியுடன் வைக்க அவரிடம் கிடங்கு இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறை மே மாதத்தில் 35 டிகிரிக்கு மேல் போகும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் இன்னும் அதிகம். தீட்டிய பாஸ்மதியை அங்கே ஒரு வருடம் வைத்தால் நீளமும் உதிரியும் கொஞ்சம் கிடைக்கலாம், மணம் நிச்சயம் போய்விடும். வீட்டில் "பழசாக்குகிறேன்" என்று மூட்டை வாங்கி வைக்காதீர்கள்.

கடையில் கேட்பதும் பார்ப்பதும்

வடசென்னையில் நல்ல பாஸ்மதிக்கு என் கால்கள் போவது சவுகார்பேட்டைப் பக்கம், தங்கசாலைத் தெருவைச் சுற்றியுள்ள வடநாட்டு மளிகைக் கடைகளுக்கு. பாஸ்மதி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அங்கே வாங்குவதால் சரக்கு தேங்காமல் நகரும். செங்குன்றம் அரிசிச் சந்தை பொன்னி போன்ற ரகங்களுக்குப் பேர் போனது. மணத்துக்காக அலைகிறவர்கள் அந்தத் தூரம் போக வேண்டியதில்லை.

கடைக்காரரிடம் முதல் கேள்வி வயது பற்றியதாக இருக்கட்டும். "அண்ணே, இது எந்த வருஷத்து அரிசி?" என்று கேளுங்கள். "ஒரு வருஷம் பழசு" என்றால் பிரியாணிக்கு நல்ல நடுநிலை. இரண்டு வருடம் என்றால் நீளம் அருமையாக இருக்கும், மணம் மெல்லியதாக இருக்கும். பாக்கெட்டில் இருக்கும் தேதி பெரும்பாலும் பொதி போட்ட தேதி. அறுவடை தேதி அல்ல. அதனால் வயதைக் கேளுங்கள், பொதி போட்ட தேதியையும் பாருங்கள். பொதி போட்டு ஏழெட்டு மாதமாகி, வெயில் விழும் வாசலோரத்தில் அடுக்கிய பாக்கெட்டைவிட உள்ளே நிழலில் இருக்கும் புதுப் பொதி மேல்.

அடுத்தது, எந்த வகை என்பது. பச்சையாகத் தீட்டியது, ஆவி காட்டியது, செலா என்று மூன்று விதம் கிடைக்கும். செலா என்பது புழுங்கல். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது, லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். கல்யாண மாஸ்டர்கள் செலாவை விரும்புவதற்குக் காரணம், நூறு கிலோ அண்டாவில் கிளறினாலும் உடையாது, குழையாது. ஆனால் ஊறுவதிலும் ஆவியிலும் மணத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. வீட்டில் அரை கிலோ, ஒரு கிலோ பிரியாணி போடுகிறவர்களுக்கு அந்தப் பலம் தேவையில்லை. மணம் வேண்டுமென்றால் பச்சையாகத் தீட்டியதை வாங்குங்கள் என்பதே என் கருத்து.

ரகமும் பார்க்கலாம். பூசா பாஸ்மதி 1121 நீளத்துக்குப் பேர் போனது, 2003ல் வெளியானது. பழைய பாரம்பரிய ரகங்களில் நீளம் அதைவிடக் குறைவு, மணம் பெரும்பாலும் தூக்கலாக இருக்கும். பாக்கெட்டில் "மிக நீளம்" என்று மட்டும் போட்டிருந்தால் அது மணத்துக்கான உத்தரவாதம் இல்லை.

முகர்ந்து பார்க்கும் சோதனை

உலர்ந்த அரிசியைக் கையில் அள்ளி முகர்வதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மணப்பொருளின் பெரும்பகுதி மாவுச்சத்துக்குள் பிடிபட்டுக் கிடக்கிறது. ஈரமும் சூடும் பட்டால்தான் வெளியே வரும். ஆய்வகங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பத்து நிமிடம் வைத்து முகர்வார்கள். அந்த ரசாயனம் வீட்டுக்கு வேண்டாம், வெந்நீரே போதும்.

வாசனை ஒட்டாத கண்ணாடிச் சிறு பாட்டில்கள் இரண்டு எடுங்கள்; ஊறுகாய் பாட்டில் ஆகாது. ஒன்றில் இரண்டு டீஸ்பூன் பாஸ்மதி, இன்னொன்றில் இரண்டு டீஸ்பூன் சாதாரணப் பொன்னி. ஒவ்வொன்றிலும் அரிசி மூழ்கி ஒரு விரல் உயரம் நிற்கும்படி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீர் ஊற்றி மூடிவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து முதலில் பொன்னி, அப்புறம் பாஸ்மதி என்று மூடியைத் திறந்தவுடனே முகருங்கள். ஒப்பிடப் பொன்னி இல்லாவிட்டால், எது மணம், எது வெறும் அரிசி வாசனை என்று பிரித்தறிவது கடினம்.

பாஸ்மதி பாட்டிலில் இனிப்பும் பொரியும் கலந்த வாசனை தெளிவாக வந்தால் நல்ல சரக்கு. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மணம் போய்விட்டது. எண்ணெய்ச் சிக்கு தூக்கினால் அரிசி காறிவிட்டது. மக்கல் வாடை, அதாவது நனைந்த சாக்கு போல வந்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை தொடங்கியிருக்கிறது, அதைச் சமைக்காதீர்கள்.

இன்னொரு அடையாளம். பாக்கெட்டைப் பிரித்த உடனேயே உலர்ந்த அரிசி பலமாக மணந்து, இரண்டு தடவை கழுவியதும் அந்த வாசனை காணாமல் போனால் மேலே வாசனை தெளித்திருக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பாஸ்மதி தர விதிகளில் செயற்கை வாசனைக்கு இடமில்லை. இயற்கை மணம் கழுவினால் போகாது, வேகும்போது ஏறும்.

வீட்டில் வைப்பது: ஒரு கணக்கு

ராயபுரத்தில் நால்வர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை கிலோ பாஸ்மதி செலவாகும். செப்டம்பர் முதல் வாரம் 5 கிலோ பை வாங்குகிறார்கள். 10 வாரம் வரும். நவம்பர் நடு வரை. அதாவது கடைசிச் சில வாரங்கள் பை வடகிழக்குப் பருவமழையில் திறந்திருக்கும்.

கடலோரக் காற்றில் அரிசி சும்மா இருக்காது. காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தானும் ஈரம் குடிக்கும். 12 சதவீத ஈரத்தோடு வந்த 1 கிலோ அரிசி, மழைக்காலக் காற்றில் 14 சதவீதத்துக்கு ஏறினால், அதன் எடை ஏறத்தாழ 1 கிலோ 23 கிராம் ஆகிவிடும். சமையலறைத் தராசு இருந்தால் இதையே சோதனையாக வைக்கலாம்: பிரித்த அன்று டப்பாவோடு எடை போட்டு மூடியில் எழுதிவிடுங்கள். எடுக்காமல் வைத்த டப்பா மறுமாதம் 20 கிராம் கூடியிருந்தால் மூடி காற்றுப் புக விடுகிறது என்று அர்த்தம். 14 சதவீதத்தைத் தாண்டினால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். சிக்கு வாடையும் சீக்கிரம் வரும்.

அந்த வீட்டுக்கு நான் சொல்வது இப்படி. பை வந்த அன்றே ஐந்து பாகமாகப் பிரியுங்கள். ஒரு கிலோ மட்டும் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியிலோ இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ வெளியே இருக்கட்டும்; இரண்டு வாரச் செலவு. ஜாடியை விளிம்புவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் கொழுப்பு காறுவதும் மெதுவாகும். அடுப்புக்கு மேல் இருக்கும் பரண் வேண்டாம். தரையோரம், வெளிச்சம் படாத, வெயில் சுவரில் ஒட்டாத மூலை நல்லது. மீதி நான்கு கிலோவை ஒவ்வொரு கிலோவாக ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். நாலைந்து டிகிரிக் குளிரில் மணம் போவதும் சிக்கு வருவதும் வெகுவாகத் தாமதமாகும்.

ஒரு பையை வெளியே எடுக்கும்போது உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த அரிசி மேல் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துவிடும். மூடியபடியே நாலைந்து மணி நேரம் வைத்து, பை அறையின் சூட்டுக்கு வந்தபின் ஜாடியில் கொட்டுங்கள். முதல்நாள் இரவே எடுத்து வைத்துவிட்டால் வேலை சுலபம்.

பெட்டியில் இடம் இல்லையா? அப்படியானால் 5 கிலோ விலை மலிவு என்று மயங்காமல், ஒரு கிலோ பாக்கெட்டாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாங்குங்கள். மணத்தைப் பொறுத்தவரை அதுதான் லாபம்.

வண்டு பயம் இருந்தால், வாங்கிய பையை மூடியபடி ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தெடுங்கள். முட்டையும் செத்துவிடும். வழக்கமாகப் பொன்னியில் போடும் வசம்பு, காய்ந்த மிளகாய், வேப்பிலை, கிராம்பு எதையும் பாஸ்மதியில் போடாதீர்கள். அரிசி பக்கத்து வாசனையை எளிதில் இழுத்துக்கொள்ளும். காசிமேட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும்: கருவாட்டு டப்பாவும் பாஸ்மதி டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. பினாயில், சோப்புக்கும் அதே விதி.

மழைவிட்டதும் மொட்டைமாடியில் அரிசியைக் காயப்போடும் பழக்கத்தையும் பாஸ்மதிக்கு விட்டுவிடுங்கள். வெயில் மணப்பொருளை விரட்டும். திடீர்ச் சூட்டில் மணியில் கீறல் விழுந்து, சமைக்கும்போது குறுக்கே உடையும். ஈரம் பட்டுவிட்டதாகத் தோன்றினால் மின்விசிறிக்குக் கீழ் நிழலில் துணி மேல் பரப்பி ஆற்றுங்கள், அது போதும்.

சமைக்கும்போது மணத்தைத் தப்பவிடாமல்

மெதுவாக இரண்டு தடவை கழுவி, 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய அரிசி சீக்கிரம் வேகும். அடுப்பில் கொதிக்கும் நேரம் குறைந்தால் ஆவியோடு ஓடும் மணமும் குறையும். இரவெல்லாம் ஊறவைப்பது தேவையே இல்லை.

தண்ணீர் அரிசியின் வயதைப் பொறுத்தது. ஊறவைத்து வடித்த ஒரு வருட அரிசிக்கு, மூடிச் சமைக்கும்போது ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீரில் தொடங்குங்கள். புது அரிசிக்கு ஒன்றேகால் போதும். அதே ஒன்றரை ஊற்றினால் குழையும். புதுப் பை பிரித்தால் முதலில் ஒரு கப் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் கடினமாக இருந்தால் அடுத்த முறை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

வடித்துச் செய்யும் பிரியாணியில், முக்கால் பதம் வந்ததும் கஞ்சியை வடித்து உடனே தம்முக்கு மாற்றுங்கள். வடித்துவிட்டுத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஆவியோடு வாசனை அறைக்குப் போகும், சோற்றுக்கு மிஞ்சாது. மூடியின் ஓரத்தை மாவால் அடைப்பதும், தம் முடிந்து பத்து நிமிடம் திறக்காமல் இருப்பதும் சம்பிரதாயம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில்தான் மணம் திரும்பச் சோற்றில் படிகிறது.

சரி, வெந்நீர்ச் சோதனையில் மணமே வராத, ஆனால் சிக்கும் மக்கலும் இல்லாத பழைய பாஸ்மதி கையில் இருக்கிறது, என்ன செய்வது? அதற்கு ரம்பை இலை இருக்கிறது. இலங்கைத் தமிழர் சமையலில் அன்றாடம் போடுவது. அதிலும் இதே மணப்பொருள்தான். நர்சரிகளில் சிறு செடியாகக் கிடைக்கும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதற்கு ஒத்துப்போகும், உச்சி வெயில் மட்டும் படாமல் தொட்டியில் வையுங்கள். கடைகளில் பிரியாணி இலை என்று விற்கும் காய்ந்த பிரிஞ்சி இலை இது இல்லை. பச்சையாக, வாள் போல நீண்டிருக்கும். ஒரு கோப்பை அரிசிக்கு அரை சாண் துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டு, தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். முழு இலை போட்டால் பச்சை வாடை முந்திக்கொள்ளும்.